எல்லா ஸ்டாப் லாஸும் ஒரே நாளில் ஹிட் ஆனால்? போர்ட்ஃபோலியோ ஹீட் விதி, ஓர் எளிய விளக்கம்

ஒரு டிரேடில் அதிகபட்சம் மூலதனத்தில், அதாவது போட்ட முதலில், 1% மட்டுமே இழப்பேன் என்று விதி வைத்துக்கொண்டு டிரேடு செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் சந்தை நன்றாக ஏறும் மாதங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று வாய்ப்புகள் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாக 1% விதிக்குள் அடங்கும். திரும்பிப் பார்த்தால் கையில் பத்துப் பங்குகள் இருக்கும். பத்தின் ஸ்டாப் லாஸும் ஒரே வாரத்தில் ஹிட் ஆனால் முதலில் 10% போய்விடும். ஒற்றை டிரேடுக்கான விதி இதைத் தடுக்காது, ஏனென்றால் அது ஒரு நேரத்தில் ஒரு டிரேடைத்தான் பார்க்கிறது.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் போர்ட்ஃபோலியோ ஹீட் விதி. இப்போது திறந்திருக்கும் எல்லா டிரேடுகளின் ஸ்டாப் லாஸும் ஒரே நேரத்தில் ஹிட் ஆனால் மொத்தம் எவ்வளவு இழப்போம்? அந்தத் தொகை முதலில் எத்தனை சதவீதமோ, அதற்குப் பெயர் ஹீட். அது ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்றால் புது டிரேடு கிடையாது. பரவலாகச் சொல்லப்படும் எல்லை 6%. அது இயற்கை விதி ஒன்றுமில்லை. மோசமான ஒரு நாளில் எவ்வளவு போனாலும் மறுநாள் பதறாமல் அதே முறையில் டிரேடு செய்ய முடியுமோ, அந்த அளவை அவரவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க 6% என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்து லட்சம், ஆறு பங்குகள், ஏழாவதுக்கு இடமில்லை

முதல் ₹5,00,000. ஒரு டிரேடுக்கு 1%, அதாவது ₹5,000. மொத்த ஹீட் எல்லை 6%, அதாவது ₹30,000. டெலிவரியில் சில வாரங்கள் வைத்திருக்கும் டிரேடுகள் என்பதால் ஸ்டாப் லாஸ் பெரும்பாலும் வாங்கிய விலையிலிருந்து 8 முதல் 10% கீழே இருக்கிறது.

எத்தனை பங்கு வாங்குவது என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்: ₹5,000-ஐ வாங்கும் விலைக்கும் ஸ்டாப் லாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, வருவதைக் கீழ் முழு எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். தனியார் வங்கிப் பங்கு ₹1,000, ஸ்டாப் ₹920 என்றால் வித்தியாசம் ₹80. 5,000-ஐ 80-ஆல் வகுத்தால் 62.5, ஆகவே 62 பங்குகள். இப்படியே ஆறு பங்குகள் (விலைகள் கணக்குக்காகப் போட்டவை):

| பங்கு | வாங்கிய விலை | ஸ்டாப் | எண்ணிக்கை | ரிஸ்க் |
|---|---|---|---|---|
| தனியார் வங்கி | 1,000 | 920 | 62 | ₹4,960 |
| அரசு வங்கி | 400 | 360 | 125 | ₹5,000 |
| சிமென்ட் | 2,500 | 2,300 | 25 | ₹5,000 |
| மருந்து | 1,200 | 1,080 | 41 | ₹4,920 |
| கார் உதிரிபாகம் | 600 | 540 | 83 | ₹4,980 |
| அரசு மின் நிறுவனம் | 250 | 225 | 200 | ₹5,000 |

மொத்த ரிஸ்க் ₹29,860. வாங்கப் போட்ட பணம் ₹3,23,500. கணக்கில் இன்னும் ₹1,76,500 சும்மா இருக்கிறது. இந்த நேரத்தில் ஏழாவதாக ஒரு பங்கு நன்றாகத் தெரிகிறது. வாங்கலாமா? எல்லைக்குள் மிச்சம் இருக்கும் இடம் ₹140. வாங்க முடியாது.

புதியவர்களுக்கு உறுத்துவது இந்த இடம்தான். பணம் இருக்கிறதே, ஏன் வாங்கக் கூடாது? இந்த விதி கேட்பது கையில் பணம் எவ்வளவு என்பதை அல்ல. இன்னும் எவ்வளவு இழக்க இடம் இருக்கிறது என்பதை. ₹1,76,500 சும்மா கிடப்பது விதியின் குறை இல்லை, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் மட்டும் வாங்குபவருக்கு, ஸ்டாப் லாஸ்கள் எல்லாம் 5% தூரத்தில் இருந்தால் இந்த விதி ஒருபோதும் குறுக்கே வராது. முழுப் பணத்தையும் போட்டாலும் ஹீட் 5%-தான் வரும். ஸ்டாப் தூரமாக இருக்கும்போதும், எம்டிஎஃப், ஃபியூச்சர்ஸ் என்று கடனில் பொசிஷன் எடுக்கும்போதும்தான் இது உண்மையாகவே கடிவாளம் போடும்.

கணக்கைக் கையால் போட வேண்டாம், எக்செல் போதும். B எண்ணிக்கை, C வாங்கிய விலை, D இன்றைய விலை, E ஸ்டாப், F ரிஸ்க் என்று வைத்துக்கொண்டால் F2-இலிருந்து ஒவ்வொரு பங்கின் வரிசையிலும், F20-க்குக் கீழே வேறொரு கட்டத்திலும் எழுத வேண்டியவை இவை:

```
=B2*MAX(0,C2-E2)
=SUM(F2:F20)/500000
```

அந்த `MAX(0,...)` எதற்கு என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

எந்த விலையிலிருந்து அளப்பது?

மூன்று வாரம் கழிகிறது. தனியார் வங்கிப் பங்கு ₹1,150-க்குப் போய்விட்டது. ஸ்டாப்பை ₹1,010-க்கு ஏற்றியாகிவிட்டது. சிமென்ட் ₹2,650, அதன் ஸ்டாப் இன்னும் பழைய ₹2,300-இலேயே இருக்கிறது. மற்ற நான்கும் வாங்கிய விலைக்கு அருகிலேயே நிற்கின்றன. இப்போது ஹீட் எவ்வளவு?

வாங்கிய விலையிலிருந்து அளந்தால், வங்கிப் பங்கின் ரிஸ்க் பூஜ்யம். ஸ்டாப் ஹிட் ஆனாலும் போட்ட பணம் திரும்ப வந்துவிடும். மொத்தம் ₹29,860-இலிருந்து ₹24,900-ஆகக் குறைகிறது. ஏழாவது பங்குக்கு இடம் கிடைத்துவிட்டது. ₹5,000 ரிஸ்க்கில் அதை வாங்கினால் ₹29,900, எல்லைக்குள்தான்.

இன்றைய விலையிலிருந்து அளந்தால் கதை வேறு. வங்கிப் பங்கு 1,150-இலிருந்து 1,010-க்கு இறங்கினால் கணக்கின் மதிப்பில் ₹8,680 குறையும். சிமென்ட் 2,650-இலிருந்து 2,300-க்கு வந்தால் ₹8,750. மற்ற நான்கையும் சேர்த்து ₹37,330. கணக்கின் இன்றைய மதிப்பு ₹5,13,050. அதில் இது சுமார் 7.3%. ஏழாவதையும் வாங்கினால் 8.2%-ஐத் தாண்டும்.

இரண்டும் சரியான அளவுகள்தான், கேள்விகள் மட்டும் வேறு. முதல் அளவு, போட்ட முதலில் எவ்வளவு போகும் என்று கேட்கிறது. இரண்டாவது, இன்று திரையில் தெரியும் மதிப்பிலிருந்து கணக்கு எவ்வளவு இறங்கும் என்று கேட்கிறது. தவறு நடப்பது இரண்டையும் கலக்கும்போது. லாபத்தோடு சேர்ந்த இன்றைய மதிப்பை முதலாக எடுத்து அதற்கு 6% போடுவார்கள். ரிஸ்க்கை மட்டும் வாங்கிய விலையிலிருந்து அளப்பார்கள். எல்லை பெரிதாகிறது, அளவு சிறிதாகிறது. இரண்டு பக்கமும் சாதகமாகவே கணக்குப் போட்டால், ஏற்றம் முடியும் இடத்தில்தான் ஒருவர் அதிகமான பங்குகளை வைத்திருப்பார்.

புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை: புது டிரேடு எடுக்கலாமா வேண்டாமா என்பதை வாங்கிய விலையிலிருந்து அளந்தே முடிவு செய்யுங்கள். முதல் என்பது போட்ட பணமும், விற்று முடித்த லாப நஷ்டமும் மட்டும். இன்றைய விலை அளவைப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துக்கொண்டு, அது 10%-ஐத் தொட்டால் புதிதாக எதுவும் வாங்காமல் நிறுத்துங்கள். முதல் நாளிலிருந்தே இன்றைய விலை அளவை மட்டும் பின்பற்றினால் இன்னொரு சிக்கல் வரும். லாபத்தில் ஓடும் பங்குதான் அதிக ஹீட் காட்டும். அதைக் குறைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே ஸ்டாப்பை விலைக்கு மிக அருகில் ஏற்றிவைப்பார்கள்; சாதாரண ஆட்டத்தில் அது ஹிட் ஆகி, நல்ல பங்கு கையை விட்டுப் போய்விடும்.

இப்போது `MAX(0,...)`. வங்கிப் பங்கின் ஸ்டாப் வாங்கிய விலையைவிட ₹10 மேலே இருக்கிறது. 62 பங்குக்கு ₹620 லாபம் உறுதி என்று சொல்லி, அதை மற்ற டிரேடுகளின் ரிஸ்க்கிலிருந்து கழிக்கலாமா? கூடாது. ஏற்றமான சந்தையில் நான்கைந்து பங்குகள் இப்படி இருந்தால், கழிக்கும் தொகை ஆயிரக்கணக்கில் போகும். அந்த அளவுக்குப் புது ரிஸ்க் எடுக்க அனுமதி கிடைத்துவிடும். ஆனால் அந்த லாபம் இன்னும் கைக்கு வரவில்லை. ஸ்டாப் போட்ட விலையிலேயே விற்பனை நடந்தால்தான் அது லாபம். ஆகவே ஒரு டிரேடின் ரிஸ்க் பூஜ்யம் வரை இறங்கலாம். அதற்குக் கீழே போகக் கூடாது.

ஆறு பங்கா, மூன்று பங்கா?

மேலே உள்ள அட்டவணையில் ஐந்து துறைகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு நன்றாகப் பரப்பி வைத்ததுபோல் இருக்கிறது. 2024 ஜூன் 4-ஐ நினைத்துப் பாருங்கள். கருத்துக் கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று நிஃப்டி 3%-க்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை வேறு திசையில் போனது. நிஃப்டி ஏறத்தாழ 6% இறங்கி முடிந்தது. அரசு வங்கிகளின் குறியீடு மட்டும் சுமார் 15% இறங்கியது. அரசு மின் நிறுவனங்கள், எண்ணெய் நிறுவனங்கள் என்று அரசுப் பங்குகள் எல்லாம் சேர்ந்தே விழுந்தன.

நம் அட்டவணையில் அரசு வங்கியும் அரசு மின் நிறுவனமும் வேறு வேறு துறைகள். அன்றைக்கு அவை இரண்டும் ஒரே பங்கு மாதிரிதான் நடந்துகொண்டிருக்கும். அவற்றை இணைத்தது தொழில் அல்ல, உரிமையாளர். தனியார் வங்கியும் அரசு வங்கியும் இன்னொரு நாளில், ரிசர்வ் வங்கியின் ஓர் அறிவிப்பில், ஒன்றாக விழலாம்.

ஆகவே மொத்த எல்லைக்குள் இன்னொரு சிறு எல்லை தேவை. ஒரே காரணத்தால் ஒன்றாக விழக்கூடிய பங்குகளின் ரிஸ்க்கைச் சேர்த்தால் 2%-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். அட்டவணையில் இரண்டு வங்கிகள் சேர்ந்து சரியாக 2%-க்குள் நிற்கின்றன. மூன்றாவது வங்கிக்கு, மொத்த ஹீட்டில் இடம் இருந்தாலும், கதவு மூடியாகிவிட்டது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1983-இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் பயிற்சி கொடுத்த 'டர்ட்டில்' டிரேடர்களுக்கே இப்படி அடுக்கடுக்கான எல்லைகள் இருந்தன: ஒரு முறை எடுக்கும் பொசிஷனின் அளவை ஒரு யூனிட் என்று கொண்டால், ஒரே சந்தையில் 4 யூனிட், நெருங்கிய தொடர்புள்ள சந்தைகளில் சேர்த்து 6, ஓரளவு தொடர்புள்ளவற்றில் 10, ஒரே திசையில் மொத்தம் 12.

6% என்றால் நிஜமாகவே 6%-தானா?

இல்லை. இந்த விதியைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஹீட் கணக்கு, ஸ்டாப் போட்ட விலையிலேயே விற்க முடியும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. முந்தைய நாள் விலையைவிட மிகக் கீழே, அதாவது கேப் டவுனில், சந்தை திறக்கும் நாளில் அந்த அனுமானம் உடையும்.

2020 மார்ச் 23 அன்று சந்தை திறந்த சிறிது நேரத்திலேயே குறியீடு 10% இறங்கி, வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. மறுபடி திறந்த பிறகும் விழுந்து, அன்று நிஃப்டி ஏறத்தாழ 13% இறக்கத்தில் முடிந்தது. அப்படி ஒரு நாளில் நம் ஆறு பங்குகளும் 13% கீழேதான் விற்றன என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் ₹3,23,500. அதில் 13% ₹42,055. முதலில் 8.4%. எதிர்பார்த்தது 6%. வலிக்கும், ஆனால் கணக்கு பிழைத்துக்கொள்ளும்.

இப்போது அதே ₹5 லட்சம், அதே 1%, அதே 6% எல்லை. ஆனால் ஸ்டாப் லாஸ் 3% தூரத்தில். ₹5,000 ரிஸ்க்குக்கு ஒவ்வொரு பங்கிலும் சுமார் ₹1,66,700 போட வேண்டும். ஆறு பங்குக்கு ஏறத்தாழ ₹10 லட்சம்; பாதி எம்டிஎஃப் கடன். எக்செல் இரண்டுக்கும் ஒரே 6%-ஐத்தான் காட்டும். அதே 13% இறக்கத்தில் இந்தக் கணக்கு இழப்பது ₹1,30,000, அதாவது முதலில் 26%.

ஸ்டாப் நெருக்கமாக இருந்தால் ரிஸ்க் குறைவு என்று தோன்றும். எண்ணிக்கையை அதற்கேற்ப ஏற்றிவிட்டால், சாதாரண நாளில் ரிஸ்க் அதேதான், கேப் நாளில் பல மடங்கு. அதனால் ஹீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் எழுதிவையுங்கள்: மொத்தம் போட்டிருக்கும் பணம் முதலில் எத்தனை சதவீதம். அதை 13%-ஆல் பெருக்கினால் மார்ச் 23 போன்ற ஒரு நாள் என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். போட்ட பணத்தின் அந்தச் சதவீதம் முதல் கணக்குக்கு 65%, இரண்டாவதுக்கு 200%.

தனிப்பட்ட பங்குகளில் இன்னொரு தொல்லை உண்டு. 5% சர்க்யூட் உள்ள சிறிய பங்கு லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால், வாங்க ஆளே இருக்காது. ஸ்டாப் ஹிட் ஆகியிருக்கும், விற்பனை நடந்திருக்காது. மறுநாளும் அதே கதி தொடரலாம். அப்படிப்பட்ட பங்குக்கு 1% ரிஸ்க் என்று எழுதுவது வெறும் ஆசை; பாதி அளவில் வாங்குவது நல்லது.

ஆர்டர் எங்கே இருக்கிறது?

மனதுக்குள் வைத்திருக்கும் ஸ்டாப் லாஸ் இந்தக் கணக்கில் சேராது. ஸ்டாப் இல்லாத பங்குக்கு ரிஸ்க் பூஜ்யம் என்று பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். மேலே உள்ள ஃபார்முலா காலிக் கட்டத்தைப் பூஜ்ய விலையாக எடுத்துக்கொண்டு, போட்ட முழுப் பணத்தையும் ரிஸ்க்காகக் காட்டும். கடுமையாகத் தெரிந்தாலும் அதுதான் சரி. 'லாங் டேர்ம்' என்று திடீரெனப் பெயர் மாற்றப்பட்ட நஷ்ட டிரேடுகள் இப்படித்தான் பிடிபடும்.

எக்ஸ்சேஞ்சில் போடும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய நாளுக்கு மட்டும் செல்லும். மறுநாள் மறந்துவிட்டால் ஸ்டாப்பே இல்லை. அதனால்தான் டெலிவரி டிரேடுகளுக்குப் பலரும், டிரிகர் விலை வரும்வரை பல நாட்கள் காத்திருக்கும் ஜிடிடி ஆர்டர் போடுகிறார்கள். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிடிடி டிரிகர் ஆனதும் சாதாரணமாக ஒரு லிமிட் ஆர்டர் போகும். அரசு வங்கிக்கு டிரிகர் 360, லிமிட் 359 என்று வைத்து, பங்கு 345-இல் திறந்தால், ஆர்டர் 359-இல் காத்துக்கொண்டு நிற்கும், பங்கு கீழே போய்க்கொண்டிருக்கும். டிரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவே 3 முதல் 5% இடைவெளி விட்டால் சிறிய கேப் நாட்களில் விற்பனையாகும். பெரிய கேப் நாளில் திரையைப் பார்த்துக் கையால்தான் விற்க வேண்டியிருக்கும்.

இன்னும் நிறைவேறாத வாங்கும் ஆர்டர்களையும் எண்ண வேண்டும். ஹீட்டில் ஒரே ஒரு டிரேடுக்கு இடம் இருக்கும்போது, எது முதலில் உடைக்கிறதோ உடைக்கட்டும் என்று மூன்று பங்குகளுக்கு மேல்விலையில் ஜிடிடி போட்டு வைப்பது வழக்கம். சந்தை வேகமாக ஏறும் காலையில் மூன்றுமே நிறைவேறிவிடும். ஹீட் ஒரே அடியில் 8%.

மூன்று ஸ்டாப் ஹிட் ஆன பிறகு

பழைய ஆறு பங்குகளுக்கே திரும்புவோம். மாத நடுவில் இரண்டு வங்கிகளும் மின் நிறுவனமும் ஸ்டாப்பில் வெளியேறிவிட்டன, நஷ்டம் ₹14,960. முதல் ₹4,85,040. மிச்சம் உள்ள மூன்றின் ரிஸ்க் ₹14,900. 6% எல்லை இப்போது ₹29,102, இடம் ₹14,202. ஒரு டிரேடுக்கு 1% என்பது ₹4,850-ஆகச் சுருங்கியிருக்கிறது. ஆகவே முழு அளவில் இரண்டு புது டிரேடுகள் எடுக்கலாம்.

இதுதான் சாதாரண ஹீட் விதியின் பலவீனம். ஸ்டாப் ஹிட் ஆனதுமே அந்த இடம் காலியாகி, அடுத்த டிரேடை அழைக்கிறது. விழும் சந்தையில் இரண்டு இரண்டாக வாங்கி, இரண்டு இரண்டாக இழந்துகொண்டே போகலாம். எந்த நாளிலும் ஹீட் 6%-ஐத் தாண்டியிருக்காது.

டிரேடிங் நூல்கள் எழுதிய அலெக்சாண்டர் எல்டர் சொல்லும் 6% விதி இந்த இடத்தை அடைக்கிறது. அவர் அந்த மாதத்தில் ஏற்கெனவே நடந்த நஷ்டத்தையும் திறந்திருக்கும் ரிஸ்க்கோடு கூட்டச் சொல்கிறார். எல்லை, சென்ற மாத இறுதியில் இருந்த முதலில் 6%. நம் கணக்கில் 14,960-ம் 14,900-ம் சேர்ந்து ₹29,860. எல்லை ₹30,000. மாதம் முடியும்வரை புது டிரேடு இல்லை. இருக்கும் மூன்றில் ஏதாவது ஒன்றின் ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு ஏற்ற முடிந்தால் மட்டும் ஒன்றுக்கு இடம் கிடைக்கும். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் இந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாம். எக்செலில் மாத நஷ்டத்துக்கு ஒரு கட்டம் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான். ஒன்றாம் தேதி அதைப் பூஜ்யமாக்கி, முதலின் தொகையைப் புதிதாக எழுத வேண்டும்.